ஜவுளிக்கடையில் புதிதாகச் சேர்பவர்களுக்கான பயிற்சி ஸ்லைடுகள்: வரவேற்பு முதல் வழியனுப்பு வரை

மதுரை மாசி வீதிகளிலும் விளக்குத்தூண் பக்கத்திலும் உள்ளதைப் போன்ற நடுத்தர ஜவுளிக்கடை ஒன்றில், புதிதாகச் சேரும் விற்பனையாளர்களுக்கு வாடிக்கையாளரை எப்படி வரவேற்பது, எப்படிக் கையாள்வது என்று கற்பிக்கும் ஸ்லைடுத் தொகுப்பைத் தயாரிக்கப் போகிறவருக்காக இது எழுதப்பட்டது. சேலைத் தளத்தில் மேற்பார்வையாளராக இருந்த காலத்தில் இப்படியொரு தொகுப்பை நான் மூன்று முறை எழுதினேன். முதலாவதில் 41 ஸ்லைடுகள் இருந்தன; அதைப் பார்த்து முடித்த பையன்கள் மறுநாள் தளத்தில் ஒன்றையும் செய்யவில்லை. மூன்றாவதில் 14 மட்டுமே இருந்தன. கீழே உள்ள வரிசை அந்த மூன்றாவதிலிருந்து வந்தது.

1. முதலில் மூன்று நாள் தளத்தில் நிற்க வேண்டும்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தளத்தின் ஓரத்தில் நில்லுங்கள். ஒரு சாதாரண வார நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்தத்துக்கு முந்தைய வாரத்தில் ஒரு நாள் என மூன்று நாள்கள் போதும். நோட்டில் மூன்று பத்தி போதும்: வாடிக்கையாளர் என்ன செய்தார், நம் ஆள் என்ன செய்தார், அதற்குப் பிறகு என்ன நடந்தது.

இதற்குக் காரணம் உண்டு. மேசையில் உட்கார்ந்து எழுதினால் "வாடிக்கையாளரைப் புன்னகையுடன் வரவேற்கவும்" என்றுதான் எழுத வரும். அந்த வாக்கியத்தைப் படிக்கும் புதியவருக்கு அதில் செய்வதற்கு எதுவும் கிடைக்காது. தளத்தில் நின்று பார்த்தால், "பெரியம்மா ஒருவர் படியருகே நின்று இரண்டு பக்கமும் பார்த்தார், நம் ஆள் சேலையை மடித்துக்கொண்டே தலையைத் தூக்காமல் 'சொல்லுங்க' என்றார், அவர் அப்படியே திரும்பிவிட்டார்" என்று எழுத வரும். அதை ஸ்லைடில் போட்டால் எது தவறு என்பது பார்த்தவுடன் விளங்கும். மூன்று நாளில் இத்தகைய காட்சிகள் முப்பது, நாற்பது சேரும். அவற்றில் திரும்பத் திரும்ப வருபவை பத்துக்குள்தான் இருக்கும். அந்தப் பத்துதான் உங்கள் தொகுப்பு.

இன்னொரு முன்தேவை முதலாளியின் முடிவுகள். எத்தனை நாளுக்குள் துணியை மாற்றிக் கொடுப்போம், விலையைக் குறைக்கும் அதிகாரம் யாருக்கு, எந்த நிலையில் மேற்பார்வையாளரை அழைக்க வேண்டும் என்னும் மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். இந்தப் பதில்கள் இல்லாமல் ஸ்லைடு எழுதினால், "சூழ்நிலைக்கு ஏற்ப நடந்துகொள்ளவும்" என்று முடிக்க வேண்டிவரும். பத்தொன்பது வயதுப் பையனுக்கு அந்தச் சூழ்நிலை எது என்று தெரியாது என்பதனால்தான் பயிற்சியே நடக்கிறது.

காலக்கணக்கையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கான ஆட்சேர்ப்பு பெரும்பாலும் புரட்டாசியில் நடக்கும். ஆடித் தள்ளுபடி நாள்களில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. ஆகவே ஆடிக்கு முன்பே கவனிப்பு வேலையை முடித்து, ஆவணியில் தொகுப்பைத் தயாராக வைத்திருப்பதே சரி.

2. வரிசை: வாடிக்கையாளர் நடக்கும் பாதையே ஸ்லைடுகளின் பாதை

புதிதாகத் தயாரிப்பவர்கள் செய்யும் முதல் தவறு, கடையின் வரலாற்றிலும் முதலாளியின் வாழ்த்துரையிலும் தொடங்குவது. அடுத்த தவறு, சீருடை, வருகைப்பதிவு, விடுப்பு விதிகளை இதே தொகுப்பில் சேர்ப்பது. அவை ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் கொடுக்க வேண்டியவை. இந்தத் தொகுப்பில் இரண்டுக்கும் இடமில்லை. ஏனெனில் புதியவரின் கவனம் கூர்மையாக இருக்கும் முதல் பத்து நிமிடத்தை அவை தின்றுவிடுகின்றன.

முதல் ஸ்லைடில் தளத்தின் வாசல் படம் இருக்கட்டும். அங்கிருந்து வாடிக்கையாளர் எந்த வழியாக நடக்கிறாரோ அதே வழியில் ஸ்லைடுகள் செல்ல வேண்டும்: உள்ளே காலெடுத்து வைப்பது, நம் பகுதிக்கு வருவது, உட்காருவது, நாம் கேட்கும் முதல் கேள்வி, முதலில் விரிக்கும் மூன்று சேலைகள், விலைப்பேச்சு, எடுப்பது அல்லது எடுக்காமல் போவது, பில், வழியனுப்புதல். மாற்றிக்கொள்ள வருபவரைப் பற்றிய ஸ்லைடுகள் கடைசியில் வரும். இப்படி அமைத்தால், மறுநாள் தளத்தில் நிற்கும்போது எதிரே நடப்பதே அடுத்த ஸ்லைடை நினைவுபடுத்தும். "பணிவு", "பொறுமை", "நேர்மை" என்று பண்புகளைத் தலைப்பாக வைத்த என் இரண்டாவது தொகுப்பு தோற்றதற்குக் காரணம் அதுதான். தளத்தில் யாரும் பண்பைச் சந்திப்பதில்லை, ஆளைத்தான் சந்திக்கிறார்கள்.

3. எழுத்தும் படமும் கோப்பும்

ஒரு ஸ்லைடில் ஒரு படம், அதன் கீழே ஒரு வாக்கியம். அதற்கு மேல் வேண்டாம். பணியாளர் உணவுக்கூடத்துத் தொலைக்காட்சியில்தான் பெரும்பாலும் காட்டப் போகிறீர்கள். பின்வரிசையில் இருப்பவருக்குத் தெரிய எழுத்தளவு 32க்குக் குறையக் கூடாது. விளக்கம் முழுவதையும் திரையில் தெரியாத குறிப்புப் பகுதியில் எழுதி, நீங்கள் வாயால் சொல்லுங்கள்.

படத்துக்கு உண்மையான வாடிக்கையாளரை எடுக்காதீர்கள். கடையின் மூத்த பணியாளர்களையே வாடிக்கையாளராக உட்காரவைத்துக் கைப்பேசியில் எடுத்தால் போதும். அவர்கள் நடிக்கும்போது கூடுதலாகச் சில உண்மைகளும் வெளிவரும்.

எழுத்துருவில் கவனம் தேவை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் தட்டுங்கள், விண்டோஸ் கணினியில் `Nirmala UI` ஏற்கெனவே இருக்கும். வேறு எழுத்துரு வேண்டுமென்றால், பவர்பாயின்ட்டில் `File > Options > Save` சென்று `Embed fonts in the file` என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். எதற்கும் ஒரு பிடிஎஃப் நகலைப் பென்டிரைவில் வைத்திருங்கள்.

4. வரவேற்பு ஸ்லைடுகள்

வரவேற்புக்கு மூன்று ஸ்லைடுகள் ஒதுக்குங்கள். மொத்தத் தொகுப்பில் அதிக நேரம் எடுக்க வேண்டிய இடம் இதுதான்.

முதலாவது, யார் வரவேற்பது என்பதைப் பற்றியது. வாடிக்கையாளர் தளத்துக்குள் வந்தவுடன் நான்கு கவுன்டரிலிருந்தும் ஒரே நேரத்தில் "வாங்கக்கா, இங்க வாங்க" என்று குரல் எழுந்தால், அது தெருவோரக் கூவலாகிவிடும். வந்தவர் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நடுவில் நிற்பார். அருகில் இருக்கும் ஒருவர் மட்டும் பேச வேண்டும், மற்றவர்கள் தலையசைத்தால் போதும் என்று விதியாகவே வையுங்கள். பேசுபவர் கையில் இருக்கும் துணியைக் கீழே வைத்துவிட்டுப் பேச வேண்டும். துணி கையில் இருக்கும்வரை கண் துணியில்தான் இருக்கும். வந்தவர் தன்னைத் தொந்தரவாக உணர்வார்.

உட்காருவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பணியாளர் உட்கார இருக்கை தருவது கடையின் கடமை. ஆகவே ஆளில்லாதபோது உட்காரலாம், வாடிக்கையாளர் நம் பகுதியின் எல்லைக்குள் வந்ததும் எழ வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். உட்காருவதே மரியாதைக்குறைவு என்று கருதும் முதலாளிகள் இன்னும் இருக்கிறார்கள். நாள் முழுதும் நிற்க வைக்கப்பட்ட ஆள் மாலை ஏழு மணிக்கு எப்படி வரவேற்பார் என்பதை அவர்கள் ஒருமுறை நின்று பார்க்கலாம்.

இரண்டாவது ஸ்லைடு, முறை சொல்லி அழைப்பதைப் பற்றியது. புதியவர்கள் அதிகமாக இடறுவது இதில்தான். முப்பது வயதுப் பெண்ணை "அம்மா" என்று அழைத்துவிட்டு, அவர் முகம் ஏன் மாறியது என்று தெரியாமல் நிற்பார்கள். உசிலம்பட்டியிலிருந்து வந்த அறுபது வயதுப் பெரியவரை "சார்" என்பார்கள். அவரோ தன்னைத்தான் சொல்கிறார்கள் என்பதே தெரியாமல் பின்னால் திரும்பிப் பார்ப்பார். விதிவிலக்காக இந்த ஸ்லைடில் நான்கு படங்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் சொல்ல வேண்டியதை எழுதுங்கள். நடுத்தர வயதுப் பெண்ணுக்கு "வாங்கக்கா", தலை நரைத்தவருக்கு "வாங்கம்மா", ஆணுக்கு "வாங்கண்ணே", முதியவருக்கு "வாங்கய்யா". கல்லூரி வயதினர் தன்னைவிட இளையவராகத் தெரிந்தாலும் "வா, பாரு" என்று ஒருமையில் இறங்கக் கூடாது. அம்மாவா அக்காவா என்று ஐயம் வந்தால் அக்கா என்றே சொல்ல வேண்டும். அதுவும் தயக்கமாக இருந்தால் "வாங்க, வாங்க" என்று முறை சேர்க்காமல் சொன்னாலே நிறைவாகத்தான் இருக்கும்.

இந்த இடத்தில் எழுதுபவர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஸ்லைடு எழுத்து என்பதால் "தங்களை எங்கள் நிறுவனத்துக்கு அன்புடன் வரவேற்கிறோம்" என்று ஏட்டுத் தமிழில் எழுதிவிடுகிறோம். புதியவர்கள் அதை அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். கேட்பவருக்குச் சிரிப்பு வரும். விளக்கம் ஏட்டுத் தமிழில் இருக்கலாம். வாயால் சொல்ல வேண்டியது வாயில் வருகிறபடியேதான் ஸ்லைடில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, வரவேற்ற பின் விட வேண்டிய இடைவெளி. "வாங்கக்கா" என்றவுடன் அதே மூச்சில் "என்ன வேணும்?" என்று கேட்டால், வந்தவர் "சும்மா பாக்கத்தான்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். வெயிலிலிருந்து வந்தவருக்குக் கண் பழகவும், குழந்தையை இறக்கிவிடவும், கூட வந்தவர்கள் சேரவும் சற்று நேரம் வேண்டும். ஒரு கை நீட்டி இருக்கையையோ மெத்தையையோ காட்டிவிட்டு, இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். கிராமத்திலிருந்து வரும் முதியவர்கள் மெத்தையின் விளிம்பில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி நிற்பதுண்டு. "செருப்ப இங்கயே விடுங்கம்மா, நான் பாத்துக்கிறேன்" என்னும் ஒரு வாக்கியம் அந்தத் தயக்கத்தைத் தீர்த்துவிடும்.

5. கேள்வி: "யாருக்கு" முதலில், "என்ன விசேஷம்" பிறகு

முதல் கேள்வி "யாருக்குக்கா பாக்குறீங்க?" என்பதாக இருக்க வேண்டும். "எந்த ரேஞ்சுல பாக்குறீங்க?" என்று தொடங்குவது பையின் கனத்தைக் கேட்பதாகப் படும். யாருக்கு என்று தெரிந்தால் வயது தெரியும், வயது தெரிந்தால் ரகம் பாதி தெரிந்துவிடும்.

"என்ன விசேஷத்துக்கு?" என்பதை எல்லோரிடமும் கேட்கும் பழக்கத்தை இந்த ஸ்லைடில் தடுத்தாக வேண்டும். எங்கள் தளத்தில் ஒரு புதிய பையன், காலை வேளையில் அவசரமாக வந்து வேட்டியும் ஒரு சேலையும் கேட்ட இருவரிடம், கற்றுக்கொடுத்தபடியே சிரித்த முகத்துடன் "என்ன விசேஷம்ணே?" என்று கேட்டுவிட்டான். அவர்கள் துக்க வீட்டுக்குக் கோடி எடுக்க வந்தவர்கள். தவறு அவனுடையது அல்ல. நான் எழுதிய ஸ்லைடில் அப்படித்தான் இருந்தது.

அதன்பின் கோடித் துணிக்குத் தனி ஸ்லைடு சேர்த்தேன். அடையாளங்களை எழுதினேன்: வருபவர்கள் பெரும்பாலும் ஓரிருவராக, ஆண்களாக, நேரமில்லாமல் வருவார்கள், நிறத்தையோ பார்டரையோ ஆராய மாட்டார்கள், உட்காரச் சொன்னால் மறுப்பார்கள், சில சமயம் அவர்களே "கோடித் துணி" என்று மெல்லச் சொல்வார்கள். செய்ய வேண்டியது மிகக் குறைவு. குரலைத் தாழ்த்தி, கேட்டதை மட்டும் இரண்டு விலைகளில் காட்டி, பில்லை விரைவாக முடித்துக் கொடுக்க வேண்டும். வேறு ரகத்தைக் காட்டக் கூடாது. கொடுக்கும்போது "போயிட்டு வாங்க" என்று சொல்லவே கூடாது, தலையசைத்தால் போதும். மற்ற எல்லாரிடமும் அதைச் சொல்லச் சொல்லிப் பழக்கியிருப்பதால், இந்த விலக்கைத் தனியாகப் பயிற்றாவிட்டால் வாய் தானாகச் சொல்லிவிடும்.

6. ஒரு குடும்பத்தை வைத்து முழு ஓட்டம்

இதற்கு நான்கு ஸ்லைடுகள். ஒரே குடும்பத்தின் கதையாக அவை தொடர வேண்டும். நான் பயன்படுத்தியதை இங்கே தருகிறேன்.

திருமங்கலத்துப் பக்கத்திலிருந்து ஐந்து பேர் முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறார்கள்: மணப்பெண், அவளுடைய அம்மா, அத்தை, பாட்டி, தாய்மாமன். புதியவர் பார்வை இயல்பாக மணப்பெண் மீது போகும். அவளுக்கு நேராக நின்று அவளிடமே பேசத் தொடங்குவார். முதல் ஸ்லைடின் வேலை இதைத் திருத்துவது. முதலில் பாட்டியை உட்கார வையுங்கள். பாட்டி உட்கார்ந்தால்தான் மற்றவர்கள் உட்காருவார்கள். அவர் நின்றுகொண்டே இருந்தால் ஐந்து பேரும் கால்மணி நேரத்தில் அடுத்த கடையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். மாமனுக்கு நாற்காலி, எல்லோருக்கும் தண்ணீர். அதன் பிறகு "பொண்ணுக்கு முகூர்த்தத்துக்குப் பாக்குறீங்களாக்கா?" என்று அம்மாவிடம் கேட்க வேண்டும்.

இரண்டாம் ஸ்லைடு, முதல் மூன்று சேலைகள். பட்ஜெட்டைக் கேட்காமல் அறிய இதுவே வழி. ஏறத்தாழ 9,000, 15,000, 24,000 ரூபாய் என மூன்று விலைகளில், அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து என மூன்று நிறங்களில் ஒவ்வொன்று எடுத்து, முந்தியை முதலில் வாடிக்கையாளர் பக்கமாக விரிக்க வேண்டும். பட்டுச் சேலையின் வேலைப்பாடு முந்தியில்தான் தெரியும். உடலை விரித்துவிட்டு முந்தியைத் தேடுவது புதியவர்களின் வழக்கம். விரித்த பிறகு பேசாமல் கவனிக்க வேண்டும். யாருடைய கை எந்தச் சேலைக்குப் போகிறது, யார் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கிறார், பார்த்தபின் யாருடைய முகத்தைப் பார்க்கிறார் என்பவை போதும். நம் கதையில் அத்தை சீட்டைத் திருப்புகிறார், 24,000 ரூபாய்ச் சேலையை மெல்ல ஓரம் தள்ளுகிறார், அம்மா மாமனைப் பார்க்கிறார். பணம் மாமன் சீராகத் தருவது, விலையைக் காப்பவர் அத்தை, நிறத்தைத் தீர்மானிப்பவர் மணப்பெண் என்பது இவ்வளவிலேயே விளங்கிவிடும். அடுத்து எடுப்பவை 12,000க்கும் 17,000க்கும் இடையில் இருக்க வேண்டும்.

மூன்றாம் ஸ்லைடு, மலையாகக் குவிவதைத் தடுப்பது. புதியவர் உற்சாகத்தில் முப்பது சேலையை விரித்துவிடுவார். குவிந்தபின் வாடிக்கையாளருக்கு முதலில் பிடித்தது எது என்றே மறந்துபோகும். "இன்னும் காட்டுங்க" என்று கேட்பார், பிறகு களைத்து எழுந்துவிடுவார். ஆகவே மெத்தையில் எந்நேரமும் ஐந்துக்கு மேல் இருக்கக் கூடாது. கை வைத்துத் தள்ளியதைப் பின்னால் இருக்கும் உதவியாளரிடம் உடனே கொடுத்துவிட வேண்டும். இரண்டு முறை தொட்டதை வலப்பக்கம் தனியாக வைக்க வேண்டும். சேலையை விரிப்பதைவிட எடுத்து ஒதுக்குவதுதான் கற்க அதிக நாள் ஆகும் வேலை.

நான்காம் ஸ்லைடு, முடிவெடுக்கும் நேரம். இரண்டு சேலையில் நின்றுவிட்டார்கள். மணப்பெண்ணுக்குப் பிடித்தது அரக்கு, பாட்டிக்குப் பிடித்தது மாம்பழ மஞ்சள். இங்கே புதியவர் ஒரு பக்கம் சேர்ந்து "இதுதான்கா நல்லாருக்கு" என்று சொல்லிவிடுவார். மற்றொரு பக்கம் அந்தக் கணமே அவரை நம்புவதை நிறுத்திவிடும். அவர் செய்ய வேண்டியது, இரண்டையும் எடுத்துக்கொண்டு "வெளிச்சத்துல ஒரு தடவ பாத்துருவமா?" என்று வாசல் பக்கம் அழைப்பது. கடை விளக்கில் தெரியும் நிறம் வேறு, பகலில் தெரியும் நிறம் வேறு. அரக்கு சற்றுக் கறுத்தோ சிவந்தோ தெரியும். பாட்டியும் பேத்தியும் அங்கே நின்று தாங்களாகவே முடிவுக்கு வருவார்கள். வீட்டுக்குப் போன பிறகு நிறம் மாறித் தெரிகிறது என்று திரும்பி வருவதும் குறையும்.

7. விலைப்பேச்சும், எடுக்காமல் எழுபவரும்

ஒரே விலைக் கடையாக இருந்தாலும் பேரம் வரும். "போணி நேரம், கொறச்சுக் கொடுங்க" என்று காலையில் கேட்பார்கள். "பிக்ஸட் ரேட்" என்று சுவரில் இருக்கும் பலகையைக் கையால் காட்டுவதுதான் புதியவர்களின் பதிலாக இருக்கிறது. கேட்டவருக்கு அது முகத்தில் அடித்ததுபோல் இருக்கும். "எல்லாருக்கும் ஒரே வெலதாண்ணே, இதே மாதிரி கொஞ்சம் கம்மியில ஒண்ணு இருக்கு, காட்டவா?" என்று சொல்லப் பழக்குங்கள். மறுப்போடு மாற்றையும் சேர்த்துச் சொல்வதால் பேச்சு முறியாது. தனக்கில்லாத அதிகாரத்தில் "முதலாளிகிட்ட கேட்டுக் கொறைச்சுத் தாரேன்" என்று உறுதியளிப்பது தடை என்பதையும் இதே ஸ்லைடில் எழுதுங்கள்.

கேட்ட நிறம் இல்லாவிட்டால் "இல்ல" என்று மட்டும் சொல்லி நிற்பதும், இருக்கிறது என்று பொய் சொல்லி வேறு நிறத்தை விரிப்பதும் இரண்டுமே வேண்டாம். "அந்தக் கலர் இப்ப முடிஞ்சிருக்குக்கா, இதுக்குப் பக்கமா ரெண்டு இருக்கு" என்றால் உண்மையும் சொன்னதாகும், சேலையும் காட்டியதாகும்.

ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு எடுக்காமல் எழுபவரிடம், விரித்த சேலைகளைச் சடசடவென்று மடித்து எரிச்சலைக் காட்டுவது எல்லாக் கடைகளிலும் நடக்கிறது. அவர் படி இறங்கும்வரை மடிப்பைத் தொடக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். "பாத்துட்டு வாங்கக்கா" என்று சொல்லி அனுப்பியவரில் ஒரு பகுதியினர் மாலையில் திரும்பி வருவதை மூன்று நாள் கவனிப்பில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

8. மாற்றிக்கொள்ள வருபவர்

இங்கே சொல்லின் வரிசை முக்கியம். பையோடு வருபவரைக் கண்டதும் "பில் இருக்கா?" என்று கேட்பது, அவரைத் திருடனாகப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். முதலில் "வாங்கக்கா, உக்காருங்க", பிறகு துணியை வாங்கி அவர் முன்னாலேயே விரித்துப் பார்ப்பது, பிறகு "என்னாச்சுக்கா?" என்று கேட்டு முழுவதையும் கேட்பது, கடைசியில் பில். குரல் உயர்ந்தால் புதியவர் பதில் சொல்ல வேண்டாம். துணியை மடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு மேற்பார்வையாளரை அழைக்க வேண்டும்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டிச் சண்டை போடக் கூடாது என்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறையாகக் கொள்கிறது. பில்லில் காலக்கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. நெசவில் அறுந்த இழை, கிழிசல் போன்றவை குறை. வீட்டுக்குப் போனபின் நிறம் பிடிக்கவில்லை என்பது குறை அல்ல; அங்கே கடையின் மாற்று விதி பொருந்தும். இந்த வேறுபாட்டை இரண்டு படங்களால் காட்டிவிடலாம்.

சுங்குடிச் சேலைக்கு ஒரு வரி கூடுதலாகத் தேவை. சாயம் இறங்கியது என்று வரும் முறையீட்டை விற்கும்போதே தவிர்க்கலாம். "மொதத் தடவ தனியா, வெறும் தண்ணியில அலசுங்கக்கா" என்று பில் போடும் முன் சொல்வதை வழக்கமாக்குங்கள்.

பில் போடும்போது வாங்கும் கைப்பேசி எண்ணைப் பற்றியும் இங்கேயே சொல்லுங்கள். நம்பிக் கொடுத்த தனிப்பட்ட விவரத்தை வெளியே தருவதும் அதே சட்டத்தில் நியாயமற்ற நடைமுறையாகவே வருகிறது. வாடிக்கையாளரின் எண்ணைப் பணியாளர் தன் கைப்பேசியில் சேமித்தால் வேலை போகும் என்பதைச் சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். பெண் வாடிக்கையாளர்கள் ஒரு கடைக்குப் போவதை நிறுத்தும் காரணங்களில் இதுவும் ஒன்று.

9. நடத்தும் முறை

பதினான்கையும் ஒரே மூச்சில் காட்டாதீர்கள். இரண்டு காலைகள், கடை திறக்கும் முன் நாற்பது நிமிடம் வீதம் போதும். முதல் நாள் வரவேற்பும் கேள்வியும். இரண்டாம் நாள் குடும்பத்தின் கதையும் மற்றவையும். இடையில் ஒரு நாள் தளத்தில் நிற்கவிட்டால், இரண்டாம் நாள் அவர்களே கேள்வியோடு வருவார்கள்.

ஒவ்வொரு ஸ்லைடுக்கும் பிறகு திரையை அணைத்துவிட்டு எழுந்து செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் வாடிக்கையாளர், ஒருவர் விற்பனையாளர். கூச்சத்தில் முதல் இரண்டு முறை சிரிப்பு வரும். அதைக் கண்டிக்க வேண்டாம், மூன்றாவது முறை தானாக அடங்கும். வாடிக்கையாளராக நடிப்பவரிடம் நடிப்பு முடிந்ததும் "எந்த இடத்துல எழுந்து போகலாம்னு தோணுச்சு?" என்று கேளுங்கள். நீங்கள் சொல்லும் திருத்தத்தைவிட அந்தப் பதில் ஆழமாக இறங்கும்.

பயிற்சி முடிந்த ஏழாம் நாள், பழைய நோட்டை எடுத்துக்கொண்டு மீண்டும் தளத்தின் ஓரத்தில் நின்று, ஒரு புதியவரின் பத்து வாடிக்கையாளர்களைப் பாருங்கள். நான்கு செயல்களுக்கு மட்டும் கோடு போடுங்கள்: கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாரா, முறை சரியாகச் சொன்னாரா, "யாருக்கு" என்று முதலில் கேட்டாரா, மெத்தையில் ஐந்துக்குள் வைத்திருந்தாரா. பத்தில் ஏழுக்குக் கீழே இருக்கும் செயல் ஒருவரிடம் மட்டும் என்றால் அவருக்கு மூத்த விற்பனையாளர் ஒருவரைத் துணையாக நிறுத்துங்கள். எல்லோரிடமும் அதே செயல் விழுந்திருந்தால் பிழை ஸ்லைடில் இருக்கிறது. என் தொகுப்பில் அப்படி விழுந்தது மெத்தையில் ஐந்து என்னும் விதி. விசாரித்தபோதுதான், ஒதுக்கிய சேலையை வாங்கிக்கொள்ளப் பின்னால் உதவியாளரே நிறுத்தப்படவில்லை என்பது தெரிந்தது. ஸ்லைடை மாற்றவில்லை, மதியத்துக்கு மேல் ஓர் ஆளைக் கூடுதலாகப் போட்டோம்.